தொலைந்ததெல்லாம் மாத்திரையின் கணக்கில்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவன் நான். அந்தத் தோட்டத்தில் இன்று பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. ஈப்போவுக்குக் குடிவந்து, ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு வேதியியல் செய்முறை சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. இப்போதும் புந்தோங்கில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வாசலில் நிற்பார்கள். “தாத்தா, கேஸ்ட்ரிக் மாத்திரை டைட்ரேஷன் வரவே மாட்டேங்குது” என்பார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் இதை எழுதி வைக்கிறேன்.

1. ஒரே ஒருமுறை நேரடியாகச் செய்து பாருங்கள், பிறகு விட்டுவிடுங்கள்.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் போட்டு, மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மஞ்சள் நிறம் சிவப்புக்குத் திரும்பும். முடிந்துவிட்டது என்று அளவை எழுதுவீர்கள். அரை நிமிடம் கழித்துக் குடுவையைப் பார்த்தால் மறுபடி மஞ்சள். இன்னும் நாலு சொட்டு விட்டால் மறுபடி சிவப்பு, மறுபடி மஞ்சள். சாயங்காலம் வரை இப்படியே போகும்.

காரணம் இதுதான். மாத்திரையில் இருக்கும் கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கரைவதில்லை. அமிலம் ஒவ்வொரு துகளின் மேற்பரப்பையும் தொட்டு, அங்கே மட்டும் தின்கிறது. அமிலம் தாராளமாக இருக்கும்வரை வேகமாகத் தின்னும். முடிவுப் புள்ளியை நெருங்கும்போது குடுவையில் அமிலம் அரிதாகிவிடும், வேகமும் படுத்துவிடும். எந்த இடத்தில் உடனுக்குடன் பதில் வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில்தான் இந்த வினை சோம்பிப் போகிறது. அதனால்தான் பின்தரம்பார்த்தலுக்குப் போகிறோம். தேவைக்கு மேலேயே அமிலத்தை அளந்து ஊற்றி, மாத்திரைக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய அமிலத்தைக் காரத்தால் அளக்கிறோம். அமிலமும் காரமும் கரைசலாக இருப்பதால் அவற்றின் வினை நொடியில் முடியும். நிறம் பொய் சொல்லாது.

2. மிச்சத்தை அளப்பவன் எதை அளக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பொதுவில் அரிசி வாங்கி, சமையல்காரரிடம் அளந்து கொடுப்பார்கள். அன்னதானம் முடிந்ததும் மிச்ச அரிசியை அளந்து திரும்ப வாங்குவார்கள். கொடுத்ததில் மிச்சத்தைக் கழித்தால் பொங்கிய அரிசி. கணக்கு சரிதான். ஆனால் வழியில் சிந்திய அரிசியும், எலி தின்ற அரிசியும் சனங்கள் சாப்பிட்டதாகவே கணக்கில் ஏறும். மிச்ச மூட்டையில் கல்லும் மண்ணும் சேர்ந்திருந்தால், சாப்பிட்டது குறைந்ததாகத் தெரியும்.

இந்தத் தரம்பார்த்தலும் அப்படியே. குடுவையிலிருந்து அமிலம் எந்த வழியில் தொலைந்தாலும், அதை மாத்திரை தின்றதாகவே கணக்கு சொல்லும். மாத்திரை உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். அமிலமல்லாத வேறெதுவும் காரத்தைக் குடித்தால், அமிலம் நிறைய மிஞ்சியதாகத் தோன்றும். மாத்திரை மட்டமாகத் தெரியும். தவறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று இந்த ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இதன் கிளைகள்தான்.

3. மாத்திரை அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கால்சியம் கார்பனேட் ஒன்றையே மருந்தாகக் கொண்ட, வெள்ளை நிற, மென்று தின்னும் மாத்திரை நமக்கு வேண்டும். ரோஸ் நிற மாத்திரை வேண்டாம். பின்தரம்பார்த்தலில் நம் நிறங்காட்டியான ஃபினால்ப்தலீனும் ரோஸ், குழம்பிப்போவீர்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்த மாத்திரையும் தொடக்கக்காரர்களுக்கு ஆகாது. அமிலத்தில் கரைந்த அலுமினியம், காரம் விடும்போது தானும் காரத்தைக் குடித்துக் கூழாகப் படியும். முடிவுப் புள்ளி இழுத்துக்கொண்டே போகும்.

ஒரு மாத்திரையை மட்டும் எடுத்துச் செய்யாதீர்கள். பத்து மாத்திரைகளைச் சேர்த்து நிறுத்துச் சராசரி எடையை எழுதுங்கள். பிறகு பத்தையும் உரலில் போட்டு மாவாக அரைத்து, அந்த மாவிலிருந்து ஒரு மாத்திரை எடையளவுக்கு நிறுத்து எடுங்கள். மாவு எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு மேற்பரப்பு, அவ்வளவு சீக்கிரம் கரையும். உரலில் ஒட்டிய மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். எடுத்த மாவின் எடைதான் கணக்கு.

4. எவ்வளவு அமிலம் என்பதை ஊற்றும் முன்பே கணக்கிடுங்கள்.

சமன்பாடு இது:

CaCO3 + 2HCl → CaCl2 + H2O + CO2

ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம். அட்டையில் 500 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், ஒரு மோல் 100.09 கிராம் என்பதால், அது ஏறக்குறைய 5 மில்லிமோல். அதைத் தின்ன 10 மில்லிமோல் அமிலம் வேண்டும். நாம் 0.5 மோலார் அமிலத்தில் 25 மி.லி. ஊற்றினால் 12.5 மில்லிமோல் கொடுத்ததாகும். மிச்சம் 2.5 மில்லிமோல் இருக்கும், அதற்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி. பிடிக்கும். 50 மி.லி. பியூரெட்டின் நடுவில் அளவு வந்து நிற்கும்.

“கூடுதலாகவே இருக்கட்டும்” என்று அமிலத்தை 50 மி.லி. ஊற்றினால் என்ன ஆகும்? மிச்சம் 15 மில்லிமோல், 150 மி.லி. காரம் வேண்டும், பியூரெட்டை மூன்று தடவை நிரப்ப வேண்டும், மூன்று தடவை வாசிப்புப் பிழை சேரும். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன விடை எடுப்பவனுக்கு, இரண்டிலும் உள்ள சின்னப் பிழை விடையில் பெரிதாகத் தெரியும். குறைவாக ஊற்றுவது இன்னும் மோசம்; அமிலம் தீர்ந்து, கார்பனேட் அடியில் தங்கிவிடும். நிறங்காட்டி விட்ட உடனே, காரம் ஒரு சொட்டும் விடாமலே ரோஸ் தட்டினாலோ, ஒன்றிரண்டு சொட்டிலேயே முடிந்துவிட்டாலோ, அமிலம் போதவில்லை என்று பொருள். அந்தக் குடுவையை ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

5. போத்தலில் ஒட்டிய சீட்டை நம்பாதீர்கள்.

இது நான் பட்ட பாடு. வாத்தியாராகச் சேர்ந்த புதிதில், அமிலப் போத்தலில் 0.5 மோலார் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அப்படியே கணக்குப் போடச் சொல்லிவிட்டேன். வகுப்பு முழுக்க 103, 104 விழுக்காடு. அட்டையில் போட்டதைவிட மருந்து கூடுதல்! பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் அமிலத்தைச் சோதித்தபோது அது 0.48 மோலார்தான். ஒவ்வொரு குடுவைக்கும் 12.5 மில்லிமோல் ஊற்றியதாக எழுதினோம். உண்மையில் ஊற்றியது 12.0. இல்லாத அந்த அரை மில்லிமோலை மாத்திரை தின்றதாகக் கணக்கு சொன்னது. அரை மில்லிமோல் அமிலம் என்றால் 25 மில்லிகிராம் கார்பனேட். 500-க்கு அது 5 விழுக்காடு. கொடுத்த அரிசியையே தப்பாக அளந்த கதை.

அதனால் முதலில் காரத்தைச் சரிபாருங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். அதை நிறுத்துக் கரைத்த அளவை நம்பமுடியாது. உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 0.51 கிராம் அளவுக்குத் துல்லியமாக நிறுத்து, தண்ணீரில் கரைத்து, அதற்கு எவ்வளவு காரம் பிடிக்கிறது என்று பாருங்கள். அதன் ஒரு மோல் 204.2 கிராம். பிறகு அதே காரத்தால் அமிலத்தை அளக்க வேண்டும். நேராக அளந்தால் 125 மி.லி. காரம் பிடிக்கும் என்பதால், அமிலம் 50 மி.லி.யை 250 மி.லி. குடுவையில் நீர்க்கவைத்து, அதிலிருந்து 25 மி.லி. எடுத்துத் தரம்பாருங்கள். மாத்திரைக்கு ஊற்றிய அதே போத்தல் அமிலமாக அது இருக்கட்டும்.

6. காய்ச்சுங்கள், ஆனால் சோறு வடிக்கும் கொதி வேண்டாம்.

கூம்புக் குடுவையில் மாவைப் போட்டு, தண்ணீர் கொஞ்சம் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மாவில் அமிலம் பட்டால் நுரை பொங்கி, துளிகள் வெளியே தெறிக்கும். தெறித்த அமிலம் யார் கணக்கில் ஏறும் என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை. கண்ணாடி அணிந்துகொண்டு பிப்பெட்டால் அமிலத்தை ஓரமாக மெல்ல விடுங்கள். குடுவையின் வாயில் சின்னப் புனலைக் கவிழ்க்காமல் செருகி வையுங்கள். தெறிப்பதெல்லாம் அதில் பட்டு உள்ளேயே சொட்டும். கடைசியில் புனலையும் குடுவையின் உள்சுவரையும் தண்ணீரால் அலசி உள்ளே சேர்த்துவிடுங்கள்.

நுரை அடங்கியதும் சின்னத் தீயில் ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். இதில் இரண்டு வேலை நடக்கிறது. மெதுவாகக் கரையும் கடைசித் துகள்களும் சூட்டில் கரைந்து முடியும். கரைசலில் தங்கிய கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும். இரண்டாவது வேலையைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். குமிழி நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைப்பார்கள். மூடி திறந்த சோடா அடங்கிய பிறகும் நாக்கில் சுரீரென்று இருப்பதில்லையா? அதுபோல மீதி உள்ளேயே கரைந்திருக்கும். அது காரத்தைக் குடிக்கும். நம் அளவில், காரம் 1 மி.லி. கூடினால் விடையில் 5 மில்லிகிராம் குறையும். அது அட்டை அளவில் 1 விழுக்காடு. காய்ச்சாத குடுவையில் 2, 3 மி.லி. கூடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அமிலம் ஆவியாகிவிடாதா என்று கேட்பீர்கள். இவ்வளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காய்ச்சினால் பெரும்பாலும் தண்ணீர்தான் ஆவியாகும். ஆனால் பாதி வற்றும்வரை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மாத்திரையில் சர்க்கரையும் உண்டு. வற்றினால் அது பழுப்பாகக் கருகும், பிறகு நிறம் பார்க்கமுடியாது.

காய்ச்சிய பிறகும் கரைசல் கலங்கலாகவே இருக்கலாம். அது கரையாத கார்பனேட் என்று பயந்து மேலும் அமிலம் ஊற்றாதீர்கள். மாத்திரையை அச்சில் ஒட்டாமல் வைக்கச் சேர்த்த மெக்னீசியம் ஸ்டியரேட்டின் கொழுப்பு மேலே வெள்ளைப் படலமாக மிதக்கும். டால்க் அடியில் தங்கும். அவை அமிலத்தில் கரையாது, நம் கணக்கிலும் இல்லை. குடுவையைச் சூடாகவே ஒருமுறை சுழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடித்துகள்களிலிருந்து நூல்போலக் குமிழிகள் எழுந்தால் கார்பனேட் இன்னும் இருக்கிறது. எழாவிட்டால் வேலை முடிந்தது.

7. ஆறவிட்டு அளந்து, முப்பது நொடி காத்திருங்கள்.

குடுவையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆறவிட்டு, ஃபினால்ப்தலீன் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். காரத்தை விடும்போது, சொட்டு விழுந்த இடத்தில் ரோஸ் தோன்றி மறையும். மறைய நேரமாகத் தொடங்கினால் சொட்டுச் சொட்டாக்குங்கள். குடுவை முழுக்க மிக லேசான ரோஸ் பரவி முப்பது நொடி நின்றால் அதுதான் முடிவு. அதன் பிறகு மெல்ல வெளுத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள். ஆனால் ஐந்து நொடியில் மறைந்து, மறுபடி சொட்டு, மறுபடி மறைவு என்று போனால், பியூரெட்டைக் குறை சொல்லாதீர்கள், காய்ச்சியது போதவில்லை. அந்த அளவை அடித்துவிடுங்கள்.

8. “தூய்மை” என்ற சொல்லை எழுதும் முன் எதற்கு எத்தனை என்று கேளுங்கள்.

ஒரு பிள்ளையின் நோட்டிலிருந்த அளவுகளைக் கொண்டு முழுக் கணக்கையும் போடுவோம். காரம் 0.0987 மோலார். அமிலத்தைச் சரிபார்த்ததில் 25.00 மி.லி.க்கு 12.53 மில்லிமோல். சராசரி மாத்திரை 1.310 கிராம், குடுவையில் போட்ட மாவு 1.302 கிராம். மிச்ச அமிலத்துக்குப் பிடித்த காரம் 28.10 மி.லி.

மிச்ச அமிலம்: 28.10 × 0.0987 = 2.77 மில்லிமோல்.
மாத்திரை தின்ற அமிலம்: 12.53 − 2.77 = 9.76 மில்லிமோல்.
கார்பனேட்: 9.76 ÷ 2 = 4.88 மில்லிமோல்.
எடை: 4.88 × 100.09 = 488 மில்லிகிராம்.

இங்கே அந்தப் பெண் 488-ஐ 1302-ஆல் வகுத்து, “தூய்மை 37.5 விழுக்காடு, இது போலி மாத்திரை” என்று முடிவெழுதி வந்திருந்தாள். கணக்கு சரி, முடிவு தப்பு. மென்று தின்னும் மாத்திரையில் பாதிக்கு மேல் சர்க்கரை, மாவு, மணம் என்று இருப்பது வழக்கம். 37.5 என்பது மாத்திரை எடையில் மருந்தின் பங்கு. அட்டை சொல்வது உண்மையா என்று பார்க்க, ஒரு முழு மாத்திரைக்குக் கணக்கை மாற்ற வேண்டும்: 488 × 1.310 ÷ 1.302 = 491 மில்லிகிராம். அட்டையில் 500. ஆக 98 விழுக்காடு. இரண்டு எண்ணும் உண்மை. எது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை விடையோடு சேர்த்து எழுதுங்கள். மூன்று குடுவை செய்து, ஒன்றுக்கொன்று ஒத்து வந்தால் மட்டும் சராசரி எடுங்கள்.

9. அமிலத்துக்குக் கால்சியத்தின் முகம் தெரியாது.

கல்லுமலைக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். குனோங் செரோ மலைக்குகையில் முருகன் இருக்கும் அந்தப் பாறையும், மேலிருந்து தொங்கும் கல்விழுதும், உங்கள் மாத்திரையில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். கிந்தா பள்ளத்தாக்கில் செங்குத்தாக நிற்கும் குன்றுகள் பலவும் சுண்ணாம்புக்கல்; சிம்பாங் பூலாய் பக்கம் அதை உடைத்து, அரைத்துப் பொடியாக்கி விற்கிறார்கள். கோயிலில் அமிலத்தைக் கொண்டுபோய்ச் சொட்டாதீர்கள். சாலையோரச் சில்லு ஒன்றைப் பொறுக்கி வந்து இதே முறையில் செய்து பாருங்கள்.

சில கல்லில் 100-ஐத் தாண்டி வரலாம். பதறவேண்டாம். சுண்ணாம்புக்கல்லில் சில இடத்தில் மெக்னீசியமும் கலந்திருக்கும். அந்தக் கல்லுக்கு டாலமைட் என்று பெயர். மெக்னீசியம் கார்பனேட் எடை குறைந்தது, ஆகவே ஒரே எடைக்கு அதிக அமிலம் தின்னும். முழு டாலமைட்டைக் கால்சியம் கார்பனேட் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 108 விழுக்காட்டுக்கு மேல் வரும். நம் முறை அமிலம் எவ்வளவு தீர்ந்தது என்று மட்டுமே சொல்கிறது. தின்றது கால்சியமா மெக்னீசியமா என்று சொல்லாது. அதை அறிய வேண்டுமானால் உலோகத்தையே பிடிக்கும் இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல் வேண்டும்.

எண் விலகினால் குறை பொருளிலா உங்கள் கையிலா என்று தெரியவேண்டும். அதனால் மாத்திரை செய்யும் நாளில் முதலில் ஒரு குடுவையில், ஆய்வகத்தில் இருக்கும் சுத்தமான, உலர்த்திய கால்சியம் கார்பனேட் 0.500 கிராம் போட்டு அதே வேலையைச் செய்யுங்கள். அது 100-ஐ ஒட்டி வந்தால் உங்கள் கை சரி. 104 வந்தால் எங்கோ அமிலம் தொலைகிறது. 96 வந்தால் எதுவோ காரத்தைக் குடிக்கிறது, அல்லது கரையாமல் மிஞ்சுகிறது. குறையைத் தேட வேண்டிய திசையை மாத்திரையைத் தொடும் முன்பே அது காட்டிவிடும்.

10. கடைசியாக, உரலையும் தீயையும் மறக்காதீர்கள்.

நாம் கண்டுபிடித்தது மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பதை. அது வயிற்றில் எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்பதை அல்ல. அமெரிக்க மருந்து நூல் இதற்கெனத் தனிச் சோதனை வைத்திருக்கிறது. அதுவும் பின்தரம்பார்த்தல்தான். ஆனால் காய்ச்சுவது கிடையாது. 37 டிகிரி சூட்டில், 1 மோலார் அமிலம் 30 மி.லி.யோடு 15 நிமிடம் கலக்குவார்கள். நேரம் முடிந்ததும் உடனே மிச்ச அமிலத்தைக் காரத்தால் அளப்பார்கள். அந்தக் கால் மணிக்குள் எதைத் தின்றதோ அதுதான் கணக்கு. பிறகு கரைவதற்கு மதிப்பில்லை.

எங்கள் தெருவில் ஒருவர், மெல்ல வேண்டிய மாத்திரையை அப்படியே வாயில் போட்டு, தே தாரிக் ஊற்றி விழுங்கிவிட்டு, “மருந்து கேட்கவில்லை” என்று கடைக்காரரைத் திட்டுவார். அதே மாத்திரைதான் என் மேசையில் 98 விழுக்காடு காட்டியது. அதற்கு நான் உரலில் அரைத்து, தேவைக்கு மேல் அமிலம் ஊற்றி, ஐந்து நிமிடம் காய்ச்சினேன். அவர் வயிற்றில் தீ கிடையாது. உரல் மட்டும் இருக்கிறது, அதுவும் வாயில். அதைத்தான் அவர் பயன்படுத்துவதில்லை.